448,400 ரூபா: ஒரே தொகைக்கு இரண்டு காரணங்கள்

யாழ்ப்பாணத்தில் சிறிய தொழில்செய்பவர்கள் சிலருக்கு நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மருத்துவர் இருவர், ஒரு சட்டத்தரணி, ஒரு கட்டடப் பொறியியலாளர், மிச்சம் கடைக்காரர்கள். இங்கே சொல்லப்போவது அந்தப் பொறியியலாளர் அக்காவின் ஒரு பில்லைப் பற்றி. 2025 ஓகஸ்டில் எழுதிய பில். கடைசிச் சதம் வந்து சேர்ந்தது 2026 ஜனவரியில். இடையில் 3,600 ரூபா காணாமல்போனது. தொகை சின்னதுதான். ஆனால் அது எங்கே போனது என்பதை நான் முதலில் பிழையாக ஊகித்து, பிழையான கணக்கில் பதிந்தும் வைத்திருந்தேன். அந்தப் பிழை யாருக்கும் வரக்கூடியது என்பதால் முழுவதையும் எழுதுகிறேன். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். கணக்கு இலகுவாக விளங்குவதற்காகக் கட்டணத்தை மட்டும் முழுத்தொகையாக மாற்றியிருக்கிறேன்.

பில்

வாடிக்கையாளர் கொழும்பில் தலைமையகம் உள்ள ஒரு கொம்பனி. யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கள் களஞ்சியத்துக்கு மேல்மாடி கட்டலாமா, பழைய தூண்கள் பாரம் தாங்குமா என்று பார்த்து அறிக்கை தரவேண்டும், வரைபடம் திருத்தவேண்டும். அக்கா கேட்ட கட்டணம் நான்கு இலட்சம். அறிக்கையை ஓகஸ்ட் 25ஆம் திகதி ஒப்படைத்தார். நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு, 28ஆம் திகதி, பில் போட்டோம்.

அக்கா பெறுமதி சேர் வரிக்கு, அதாவது வற்றுக்கு, பதிவு செய்தவர். இந்தப் பில் போட்டபோது அவருடைய வருமானத்துக்கு அந்தப் பதிவு கட்டாயமாக இருக்கவில்லை. 2017இல் ஒரு காலாண்டில் 30 இலட்சம் தாண்டினாலே பதியவேண்டும் என்றிருந்தது. அந்த வருடம் அவருக்குப் பெரிய வேலையொன்று கிடைத்ததால் பதிந்தார். 2024 ஜனவரியில் அந்த எல்லை காலாண்டுக்கு ஒன்றரைக் கோடி, வருடத்துக்கு ஆறு கோடி என்று உயர்ந்தது. பதிவை நீக்கிவிடலாமே என்று ஒருமுறை கேட்டேன். “பெரிய கொம்பனிகள் வற் பில்தான் கேட்கினம், இருக்கட்டும் தம்பி” என்றார். பதிவு இருக்கும்வரை பில்லில் வற் போடத்தான் வேண்டும். விருப்பப்பட்டால் போடுவது, இல்லாவிட்டால் விடுவது என்று இல்லை.

2024 ஜனவரி 1 முதல் வற் 18 வீதம். ஆகவே பில் இப்படிப் போனது:

```
ஆலோசனைக் கட்டணம்        400,000
பெறுமதி சேர் வரி 18%         72,000
மொத்தம்                   472,000
```

தலைப்பில் வரி விலைப்பட்டியல் என்ற சொல், வரிசை இலக்கம், திகதி, இரு தரப்பின் பெயர், முகவரி, வரி இலக்கங்கள், வேலையின் விபரம், வரிக்கு முந்திய பெறுமதி, வரி வீதம், வரித்தொகை எல்லாம் இருந்தன. இவற்றில் ஒன்று குறைந்தாலும் கொம்பனிக்காரர் அந்த 72,000ஐத் தங்கள் வற் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாமல் போகலாம். அதனால் அவர்களே பில்லைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இது திரும்பி வரவில்லை.

பில்லில் நாங்கள் போடாத ஒன்று நிறுத்திவைத்தல் வரி. 2023 ஜனவரி 1 முதல், பொறியியலாளர், கணக்காளர், மருத்துவர், சட்டத்தரணி போலத் தனியாகச் சேவை செய்யும் ஒருவருக்கு ஒரு மாதத்தில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேல் சேவைக் கட்டணம் கொடுப்பவர், அதில் 5 வீதத்தைப் பிடித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பவேண்டும். பிடிக்கும் பொறுப்பு காசு கொடுப்பவருடையது, பிடிக்கும் நேரம் காசு கொடுக்கும் நேரம். வேலை செய்தவர் தன் பில்லில் அதைக் கழித்துக் காட்டவேண்டியதில்லை. சிலர் பில்லிலேயே கழித்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. அப்படிச் செய்தால் வரவேண்டிய தொகை கணக்கில் குறைவாகத் தெரியும்; கொடுப்பவர் பிடிக்க மறந்தாலும், கூடப் பிடித்தாலும் அது கண்ணில் படாமலே போய்விடும்.

எங்கள் எதிர்பார்ப்பு இதுதான்: 5 வீதம் கட்டணமான 400,000க்கு, அதாவது 20,000. வற் அக்காவின் வருமானம் அல்ல; அரசாங்கத்துக்காக அவர் வாங்கிக் கொடுக்கும் காசு. அதனால் வற்றுக்கு மேல் வருமான வரி பிடிக்கக்கூடாது. 472,000இல் 20,000 போனால் 452,000 வங்கியில் விழவேண்டும்.

காசு வராமலே கட்டிய வற்

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். புதிதாக வற் பதிபவர்கள் பலருக்கு இந்த இடத்தில்தான் வேர்க்கிறது.

வற் கணக்கு காசு வந்த திகதியைப் பார்ப்பதில்லை. சேவை முடிந்தபோதோ, பில் போட்டபோதோ, காசு வந்தபோதோ, எது முந்துகிறதோ அன்றைக்குப் பொறுப்பு வந்துவிடுகிறது. வேலை முடிந்து பத்து நாளுக்குள் பில் போட்டால் பில் திகதியை எடுக்கலாம் என்ற சிறு சலுகை உண்டு. எப்படிப் பார்த்தாலும் அக்காவின் வேலை ஓகஸ்ட் மாதத்தது. “காசு வந்த பிறகு பில் போட்டால் என்ன?” என்று ஒரு வாடிக்கையாளர் என்னிடம் கேட்டிருக்கிறார். வேலை முடிந்துவிட்டால் பில்லைத் தாமதப்படுத்துவதால் வரி தாமதமாகாது. தண்டப்பணம்தான் சேரும்.

ஓகஸ்ட் மாத வற் செப்ரெம்பர் 20க்குள் கட்டவேண்டும். அன்று சனிக்கிழமை, ஆகவே 19ஆம் திகதி வெள்ளிக்கிழமையே கட்டினோம். அந்த மாதம் அக்காவுக்கு வற் கட்டி வாங்கிய செலவு எதுவும் இல்லை, கழிக்க ஒன்றும் இல்லை. முழு 72,000உம் அவருடைய சேமிப்பிலிருந்து போனது. கொம்பனிக்காரர் 30 நாளில் தருவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். வந்தது நவம்பர் 6. ஏறத்தாழ ஏழு கிழமை, ஒரு சதம்கூட வாங்காத வேலைக்கு அரசாங்கத்துக்கு எழுபத்திரண்டாயிரம் கடன் கொடுத்ததுபோல அக்கா இருந்தார். நல்லகாலம், நகைகளை வங்கிக்குக் கொண்டுபோகவேண்டி வரவில்லை.

வங்கியில் விழுந்தது

நவம்பர் 6ஆம் திகதி பின்னேரம் அக்கா தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, காசு வந்திருக்கு. ஆனா கணக்கு உதைக்குது.” வந்தது 448,400. எதிர்பார்த்தது 452,000. குறைவு 3,600.

வங்கிக் கட்டணமாக இருக்குமோ என்றார் அக்கா. உள்நாட்டு வங்கிமாற்றத்துக்கு மூவாயிரம் ரூபா யாரும் எடுப்பதில்லை. அதோடு 3,600 என்று வட்டமாக வரும் எண்ணுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு வீதம் இருக்கும். கல்குலேட்டரை எடுத்தேன். பில்லின் மொத்தத்திலிருந்து வந்த காசைக் கழித்தால் 23,600. அதை 472,000ஆல் பிரித்தால் சரியாக 5 வீதம். சரி, விடயம் பிடிபட்டது என்று நினைத்தேன். கொம்பனிக்காரர் கட்டணத்துக்கு மட்டும் பிடிக்காமல் வற்றோடு சேர்த்து முழுப் பில்லுக்கும் 5 வீதம் பிடித்திருக்கிறார்கள். காணாமல்போன 3,600 வற்றின் 5 வீதம். இது அடிக்கடி நடக்கிற தவறு. வேறு இருவருடைய கணக்கில் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்கு அப்படியே சொன்னேன். “பயமில்லை அக்கா. கூடப் பிடித்தாலும் அது உங்கட பேரில இறைவரிக்குத்தான் போகுது. வருமான வரியில கழிக்கலாம். காசு பிந்தும், தொலையாது.” பிறகு இப்படிப் பதிந்தேன்:

```
வங்கி                            448,400
நிறுத்திவைத்தல் வரி (முற்பணம்)       23,600
    கொம்பனியிடம் வரவேண்டியது                472,000
```

வரவேண்டியது பூச்சியமானது. கணக்கு அழகாக முடிந்ததுபோல இருந்தது. என் பிழை அதுதான். வங்கியில் வந்த தொகையை மட்டும் வைத்து, யார் எதைப் பிடித்தார் என்று நானே தீர்மானித்துவிட்டேன். அவர்களுடைய மின்னஞ்சலில் இருந்தது ஒரே வரி: பில் இலக்கம், செலுத்திய தொகை 448,400. எப்படி வந்தது என்ற விபரம் எதுவும் இல்லை.

சான்றிதழ்

நவம்பரில் கொடுத்த காசுக்குப் பிடித்த வரியை அவர்கள் டிசெம்பர் 15க்குள் இறைவரிக்கு அனுப்பவேண்டும். அதன் பிறகு அக்காவுக்கு ஒரு சான்றிதழ் தரவேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் பிடித்த வரியை நம் கணக்கில் காட்டுவது சிரமம். நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து நாடு முழுக்க வேலைகள் குழம்பின. கேட்டு, நினைவூட்டி, மறுபடியும் கேட்டு, டிசெம்பர் 22ஆம் திகதிதான் சான்றிதழ் கையில் கிடைத்தது.

அதில் இருந்தது: செலுத்திய கட்டணம் 400,000. பிடித்த வரி 20,000.

இரண்டு தடவை படித்தேன். நான் எதிர்பார்த்தது 472,000உம் 23,600உம். சான்றிதழோ சரியான தொகையைச் சொல்கிறது. அப்படியென்றால் வரி சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள். பிறகு 3,600 எங்கே?

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. நான்கு இலட்சத்திலிருந்து முதலில் 5 வீதத்தைக் கழித்தால் 380,000. அதற்கு 18 வீதம் வற் போட்டால் 68,400. இரண்டையும் கூட்டினால் 448,400.

அதே எண்!

யோசித்தால் இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஒரு தொகையை முதலில் 1.18ஆல் பெருக்கிப் பிறகு 0.95ஆல் பெருக்கினாலும், முதலில் 0.95ஆல் பெருக்கிப் பிறகு 1.18ஆல் பெருக்கினாலும் விடை ஒன்றுதான். பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறாது என்று நாலாம் வகுப்பில் படித்ததுதான். முழுப் பில்லுக்கும் வரி பிடிப்பது ஒரு தவறு. வரி கழித்த மிச்சத்துக்கு வற் போடுவது வேறொரு தவறு. இரண்டும் வங்கியில் ஒரு ரூபா வித்தியாசமில்லாமல் ஒரே தொகையைத் தருகின்றன. வங்கிக் கூற்றை மட்டும் பார்த்து எது நடந்தது என்று சொல்ல எவராலும் முடியாது.

ஆனால் அந்த 3,600 போய்ச்சேரும் இடம் இரண்டிலும் முற்றாக வேறு. முதல் தவறில் அது அக்காவின் பெயரில் இறைவரித் திணைக்களத்தில் இருக்கும். வருட இறுதியில் அவருடைய வருமான வரியில் கழியும். இரண்டாவது தவறில் அது கொம்பனியின் கையிலேயே இருக்கிறது. வற் குறைவாகத் தந்திருக்கிறார்கள். அக்காவோ செப்ரெம்பரிலேயே முழு 72,000ஐயும் கட்டிவிட்டார். அந்த 3,600 அவருடைய சொந்தக் காசு. வருமான வரிப் படிவத்தில் எந்தப் பெட்டியில் போட்டாலும் அது திரும்பி வராது. “தொலையாது” என்று நவம்பரில் நான் அக்காவுக்குக் கொடுத்த உறுதிமொழி பிழை.

கொழும்போடு பேசியது

அடுத்த நாள் கொம்பனியின் நிதிப் பிரிவுக்கு அழைத்தேன். கொடுப்பனவுகளைப் பார்க்கும் பையன் ஒருவர் தமிழ்தான், நல்ல மரியாதையாகப் பேசினார். கொடுப்பனவு வவுச்சரின் படத்தை அனுப்பச் சொன்னேன். அரை மணியில் அனுப்பினார். எக்செலில் செய்தது:

```
கட்டணம்                    400,000
கழிக்க: நிறுத்திவைத்தல் வரி     20,000
மிகுதி                     380,000
கூட்ட: வற் 18%               68,400
செலுத்தவேண்டியது            448,400
```

ஊகம் சரி. “அண்ணை, வரி போன பிறகு மிஞ்சிறதுக்குத்தானே நாங்கள் காசு குடுக்கிறம். அதுக்குத்தானே வற்?” என்று கேட்டார். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கும். நான் சொன்ன பதில்: நீங்கள் பிடித்த 20,000உம் அக்காவுக்குக் கொடுத்த காசுதான். அவருடைய வருமான வரியாக, அவருக்குப் பதிலாக இறைவரியிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறீர்கள். அவர் கையில் வாங்கித் தானே போய்க் கட்டியிருந்தால் கட்டணம் எவ்வளவு? நான்கு இலட்சம். அவர் செய்த சேவையின் பெறுமதி அதுதான். வற் சேவையின் பெறுமதிக்குத்தான், கையில் விழுந்த தொகைக்கு அல்ல.

அவர் அடுத்துச் சொன்னதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. “அப்ப ஒண்டு செய்வம். நீங்கள் பில்லை மாத்தி, வற் 68,400 எண்டு போட்டுத் தாங்கோ. எங்களுக்கும் சரி, உங்களுக்கும் சரி.”

இது உதவிபோல வருகிற ஆபத்து. இப்படிக் கேட்டு, “பெரிய இடம், எதற்கு வம்பு” என்று மாற்றிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கட்டணம் 400,000, வற் 68,400 என்று ஒரு பில் போட்டால், அந்தப் பில்லே தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும். நாலு இலட்சத்தின் 18 வீதம் 72,000 என்பது எல்லோருக்கும் தெரியும். கட்டணத்தையும் 380,000 ஆக்கினால் அது பொய். சான்றிதழில் 400,000 இருக்கிறது. குறைப்புக் குறிப்பு எழுதி வற்றைக் குறைக்கவேண்டுமென்றால் சேவையின் விலை உண்மையாகவே குறைந்திருக்கவேண்டும். இங்கே விலை குறையவில்லை. யாரோ எக்செலில் வரிசையை மாற்றிப் போட்டார், அவ்வளவுதான்.

“பில் மாறாது தம்பி” என்றேன். பிறகு அவரிடம் ஒன்று கேட்டேன்: இந்தப் பில்லுக்கு உங்கள் வற் படிவத்தில் எவ்வளவு கழித்திருக்கிறீர்கள்?

பார்த்துவிட்டுச் சொன்னார்: 72,000.

பிடி கிடைத்துவிட்டது. வற் படிவத்தோடு போகும் அட்டவணையில் விற்றவர் தன் பில் இலக்கத்தையும் வரித்தொகையையும் எழுதுகிறார். வாங்கியவர் அதே பில்லை, விற்றவரின் வரி இலக்கத்தோடு தன் பக்கத்தில் எழுதுகிறார். இரண்டு பக்கமும் 72,000. கொம்பனி அரசாங்கத்திடம் 72,000 கழித்துக்கொண்டு, அக்காவுக்கு 68,400தான் கொடுத்திருக்கிறது. தாங்கள் கொடுக்காத 3,600ஐக் கழித்திருக்கிறார்கள். இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னேன். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. “மனேஜரிட்டக் கதைச்சுச் சொல்லுறன் அண்ணை” என்றார்.

நியாயத்தை மட்டும் பேசியிருந்தால் இந்தக் காசு வந்திருக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. 3,600 ரூபாவுக்காக மறுபடி வவுச்சர் போட்டு, இரண்டு கையெழுத்து வாங்க யாருக்கும் மனம் வராது. அவர்களுடைய சொந்த வற் படிவம் உதைக்கிறது என்றதும் அலுவல் நடந்தது. அன்றே ஒரு மின்னஞ்சலும் எழுதினேன். பில், சான்றிதழ், அவர்களுடைய வவுச்சர் மூன்றையும் இணைத்து, வற் 72,000இல் 68,400 கிடைத்தது, மிகுதி 3,600 என்று நாலு வரி. நீளமாக எழுதினால் படிக்கமாட்டார்கள்.

பதிவைத் திருத்தியது

காசு வரும்வரை காத்திராமல் நான் அன்றிரவே என் பிழையான பதிவைத் திருத்தினேன்:

```
கொம்பனியிடம் வரவேண்டியது          3,600
    நிறுத்திவைத்தல் வரி (முற்பணம்)             3,600
```

இப்போது நிறுத்திவைத்தல் வரிக் கணக்கில் 20,000, சான்றிதழும் 20,000. கொம்பனியிடம் வரவேண்டியது 3,600 என்று கண்ணுக்குத் தெரிகிறது. நவம்பரில் நான் செய்தது இதன் நேர்மாறு. வராத காசை “வரி” என்ற பெட்டிக்குள் தள்ளி மூடிவிட்டேன். சான்றிதழைக் கேட்டு வாங்காமல் விட்டிருந்தால் அது அங்கேயே கிடந்திருக்கும்.

கிடந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? வருமான வரியைக் காலாண்டு வாரியாக ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று கட்டவேண்டும். அந்தந்தக் காலாண்டில் பிடிபட்ட வரியை அதில் கழிக்கலாம். நவம்பர் 6இல் பிடித்த வரி ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான காலாண்டுக்கு உரியது; பெப்ரவரி 15இல் கட்டுவதில் அதைக் கழிக்கலாம். பழைய பதிவோடு போயிருந்தால் 23,600 கழித்திருப்பேன். திணைக்களத்தின் ராமிஸ் கணினியில் அக்காவின் பெயரில் கொம்பனி அனுப்பியது 20,000தான். பிறகு ஒருநாள் 3,600 குறைவு என்று கடிதம் வரும், வட்டியோடு. அதாவது அந்த 3,600உம் போய், மேலே வட்டியையும் அக்கா இழந்திருப்பார்.

ஜனவரி 8ஆம் திகதி வியாழக்கிழமை 3,600 வங்கியில் விழுந்தது. இந்தத் தடவை மின்னஞ்சலில் “வற் மிகுதி” என்று விபரமும் போட்டிருந்தார்கள்.

கையில் நின்றது

அக்கா கேட்டார்: “எல்லாம் முடிஞ்சு, இந்த வேலைக்கு எனக்கு எவ்வளவு தம்பி வந்தது?”

வங்கிக்கு வந்தது 448,400உம் 3,600உம், 452,000. அதில் 72,000 செப்ரெம்பரிலேயே அவர் கையால் போய்விட்டது. மிச்சம் 380,000. அதோடு இறைவரியில் அவர் பெயரில் 20,000 இருக்கிறது. அது அவர் எப்படியும் கட்டவேண்டிய வருமான வரியின் ஒரு பகுதி, முன்கூட்டியே கட்டியாயிற்று. இரண்டையும் கூட்டினால் நான்கு இலட்சம். வருமானமாகக் காட்டவேண்டியது இந்த நான்கு இலட்சத்தைத்தான். வங்கியில் வந்த 452,000ஐயோ, கையில் நின்ற 380,000ஐயோ அல்ல. என்னிடம் வருவதற்கு முன் ஒரு மருத்துவர் இரண்டு வருடமாக வங்கிக்கு வந்த தொகையை, அதாவது வரி பிடித்தது போக மிச்சத்தை, வருமானமாக எழுதி, பிடித்த வரியையும் கழித்திருந்தார். வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாக அதற்கு விளக்கம் கேட்டார்கள்.

இப்போது ஒரு பில்லின் காசு வங்கியில் விழும் ஒவ்வொரு தடவையும் நான் செய்யும் சின்ன வேலையொன்று உண்டு. வந்த தொகையைக் கட்டணத்தால் பிரிக்கிறேன். 1.13 வந்தால் எல்லாம் சரி. 18 கூட்டி 5 கழித்தது. 1.18 வந்தால் வரி பிடிக்கவில்லை. மாதத்தில் ஓர் இலட்சத்துக்குள் இருந்தால் அது சரி, இல்லையென்றால் ஏன் என்று கேட்கவேண்டும். 0.95 வந்தால் வற்றே தரவில்லை. 1.121 வந்தால் இந்த இரண்டு தவறில் ஒன்று. எது என்று அந்த எண் சொல்லாது, வவுச்சரோ சான்றிதழோதான் சொல்லும். அதுவரை குறையும் தொகையை வரவேண்டியதிலேயே விட்டுவைக்கிறேன். வரிக் கணக்கில் பதிவது சான்றிதழ் சொல்லும் தொகையை மட்டும்தான். அது வரும்வரை கட்டணத்தின் 5 வீதத்துக்கு மேல் பதிவதில்லை.

பில்லின் அடியிலும் இப்போது சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். கழித்துக் காட்டுவது அல்ல, குறிப்பு மட்டும்: “நிறுத்திவைத்தல் வரி பிடிப்பதானால் 400,000இன் 5%, 20,000. அப்போது செலுத்தவேண்டியது 452,000.” பெப்ரவரியில் அதே கொம்பனிக்கு அக்கா இன்னொரு பில் போட்டார், அத்திவாரம் பற்றிய சிறு வேலை, கட்டணம் ஒன்றரை இலட்சம். மார்ச்சில் வந்த காசு 169,500. பிரித்துப் பார்த்தேன், 1.13.